வர்க்கபூர்த்தியும் தொகையீடும்: பகுதியிலோ வர்க்கமூலத்தினுள்ளோ இருபடிக் கோவை வரும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“தொகையீட்டு வாய்பாடுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் பகுதியில் x² + 6x + 13 என்று வந்தவுடன் ஒரு வாய்பாடும் பொருந்தவில்லை. எங்கே தொடங்குவது?”

நீங்கள் மனப்பாடம் செய்திருக்கும் வாய்பாடுகளை ஒருமுறை திரும்பப் பாருங்கள். அவற்றில் x² + a², a² − x², x² − a² ஆகிய மூன்று வடிவங்கள் மட்டுமே இருக்கும். எதிலும் x இன் முதலாம் படி தனியாக வராது. ஆகவே இங்கே தடையாக நிற்பது 6x என்ற ஓர் உறுப்பு மட்டுமே. அதை வர்க்கத்தினுள் அடக்கிவிட்டால் வேலை முடிந்தது.

6 இன் பாதி 3. (x + 3)² ஐ விரித்தால் x² + 6x + 9 வரும். நமக்கு வேண்டியது 13 ஆதலால் மீதி 4.

x² + 6x + 13 = (x + 3)² + 4

இப்போது u = x + 3 எனப் பிரதியிட்டால் du = dx. எந்தக் குணகமும் மாறுவதில்லை.

∫ dx/(x² + 6x + 13) = ∫ du/(u² + 2²) = (1/2) tan⁻¹((x + 3)/2) + C

வரைபு வழியே பார்த்தால், y = x² + 6x + 13 என்ற பரவளைவின் உச்சி (−3, 4) இல் இருக்கிறது; நாம் முழு வரைபையும் மூன்று அலகு வலப்பக்கம் நகர்த்தி, உச்சியை y-அச்சின் மேல் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம். அவ்வாறு நகர்த்துவதால் வளையியின் கீழுள்ள பரப்பு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. வரையறுத்த தொகையீடாக இருந்தால் எல்லைகளும் அதே மூன்று அலகால் நகரும். இதை மறந்து பழைய எல்லைகளை u இல் இடுவோர் பலர்.

“13 க்குப் பதிலாக 9 அல்லது 5 என்று கொடுத்தால் விடையின் உருவமே மாறிவிடுகிறது. ஒரு முறை tan⁻¹, இன்னொரு முறை மடக்கை. எது வரும் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?”

வர்க்கத்தைப் பூர்த்தியாக்கிய பின் மிஞ்சும் மாறிலியின் குறிதான் அதைத் தீர்மானிக்கிறது. நீங்கள் சொன்ன மூன்றையும் அருகருகே எழுதுவோம்.

x² + 6x + 13 = (x + 3)² + 4
x² + 6x + 9 = (x + 3)²
x² + 6x + 5 = (x + 3)² − 4

முதலாவதை மேலே பார்த்துவிட்டோம். இரண்டாவதில் மிச்சம் எதுவும் இல்லை; ∫ du/u² = −1/u என்பதால் விடை −1/(x + 3) + C. மூன்றாவது u² − 2² என்ற வடிவம்:

∫ dx/(x² + 6x + 5) = (1/4) ln|(x + 1)/(x + 5)| + C

தன்மைகாட்டி b² − 4ac ஐக் கணித்தாலும் இதே செய்தி கிடைக்கும்: மறையானால் tan⁻¹, பூச்சியமானால் சாதாரண பின்னம், நேரானால் மடக்கை. இவை தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டிய இரண்டு விதிகள் அல்ல. ஏனெனில் ax² + bx + c ஐப் பூர்த்தியாக்கும்போது மிஞ்சுவதே −(b² − 4ac)/4a தான்.

உருவம் இப்படித் தாவினாலும் பரப்பு தாவுவதில்லை. 0 முதல் 1 வரை இம்மூன்றையும் தொகையிட்டுப் பாருங்கள். மாறிலி 13 ஆக இருக்கும்போது (1/2)(tan⁻¹2 − tan⁻¹1.5), அதாவது ஏறத்தாழ 0.062. மாறிலி 9 ஆனால் 1/3 − 1/4 = 1/12, ஏறத்தாழ 0.083. மாறிலி 5 ஆனால் (1/4) ln(5/3), ஏறத்தாழ 0.128. பகுதி சிறிதாகச் சிறிதாக விடை ஒழுங்காகவே வளர்கிறது. tan⁻¹, பின்னம், மடக்கை என்பவை ஒரே குடும்பத்தின் மூன்று முகங்கள் என்பது இந்த எண்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைக்கிறது. தயவுசெய்து ஒருமுறை தாளில் நீங்களே கணித்துப் பாருங்கள்.

“காரணிப்படுத்த முடிந்தால் பகுதிப் பின்னங்களே போதாதா?”

போதும். x² + 6x + 5 போன்று (x + 1)(x + 5) என்று கண்ணுக்குத் தெரிந்தால் பகுதிப் பின்னமே விரைவானது. ஆனால் x² − 4x + 1 வந்தால் மூலங்கள் 2 ± √3 ஆகிவிடும். அவற்றைக் கொண்டு பகுதிப் பின்னம் அமைப்பதைவிட (x − 2)² − 3 என்று எழுதி ஒரே வரியில் முடிப்பதே நல்லது. விடை இதுதான்:

(1/(2√3)) ln|(x − 2 − √3)/(x − 2 + √3)| + C

“x² இன் குணகம் 1 ஆக இல்லாவிட்டால் பின்னங்கள் குவிந்து எங்கோ ஓரிடத்தில் பிழை வந்துவிடுகிறது. வெள்ளவத்தையில் நான் போகும் மாலை வகுப்பில் ஒரு முறை, பாடசாலையில் வேறொரு முறை. எதைப் பின்பற்றுவது?”

இரண்டு முறைகளும் சரியானவையே. ∫ dx/(2x² − 6x + 9) ஐ இரு வழியிலும் செய்து காட்டுகிறேன். எது உங்கள் கைக்கு இயல்பாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, குணகத்தை வெளியே எடுப்பது.

2x² − 6x + 9 = 2[x² − 3x + 9/2] = 2[(x − 3/2)² + 9/4]

இதில் a = 3/2. ஆகவே தொகையீடு (1/2) × (2/3) tan⁻¹((x − 3/2)/(3/2)). சுருக்கினால் (1/3) tan⁻¹((2x − 3)/3) + C.

இரண்டாவது, வெளியே எடுப்பதற்குப் பதிலாகப் பெருக்கிக்கொள்வது. இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரர் இருபடிச் சமன்பாடுகளுக்குச் சொன்ன விதி இது. அவருடைய இயற்கணித நூல் கிடைக்காவிட்டாலும், இரண்டாம் பாஸ்கரர் அந்த விதியை மேற்கோள் காட்டியதால் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. x² இன் குணகத்தின் நான்கு மடங்கால் பெருக்கினால் பின்னமே தோன்றாது:

4a(ax² + bx + c) = (2ax + b)² − (b² − 4ac)

b இரட்டை எண்ணாக இருந்தால் a ஆல் மட்டும் பெருக்கினாலே போதும். நம் எடுத்துக்காட்டில் b = −6 ஆதலால் தொகுதியையும் பகுதியையும் 2 ஆல் பெருக்குவோம். பகுதி 4x² − 12x + 18, அதாவது (2x − 3)² + 9 ஆகிறது. தொகுதியில் 2 dx நிற்கிறது. u = 2x − 3 எனப் பிரதியிட்டால் du என்பது அப்படியே 2 dx தான்.

∫ 2 dx/((2x − 3)² + 9) = ∫ du/(u² + 9) = (1/3) tan⁻¹((2x − 3)/3) + C

குணகம் ஒன்றாக இல்லாத இடங்களில் நான் விரும்புவது இந்த இரண்டாவது வழியையே. காரணம், முதல் வழியில் பிழை விழும் இடம் ஒன்று உண்டு. 2(x − 3/2)² + 9/2 என்று சரியாக எழுதிய பிறகு, வர்க்கத்தின் முன்னால் நிற்கும் 2 ஐக் கவனிக்காமல் a² = 9/2 என்று எடுத்து வாய்பாட்டில் இட்டுவிடுவார்கள். உண்மையில் அவர்கள் தொகையிட்டது 1/((x − 3/2)² + 9/2) ஐ.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க, கிடைத்த விடையை வகையிட்டு ஏதாவது ஓர் x இல் தொடக்கச் சார்புடன் ஒப்பிட்டால் போதும். ஆனால் எந்த x என்பது முக்கியம். எளிதாக இருக்கிறதே என்று உச்சியாகிய x = 3/2 ஐ எடுத்தால், சரியான விடையும் பிழையான விடையும் இரண்டுமே 2/9 என்று காட்டும்; ஏனெனில் அங்கே வர்க்க உறுப்பு பூச்சியமாகிவிடுவதால் தொலைந்துபோன 2 வெளிப்படாது. x = 0 ஐ எடுங்கள். தொடக்கச் சார்பு 1/9. சரியான விடையின் பெறுதியும் 1/9. பிழையானதோ 4/27 தரும். அங்கே குட்டு வெளிப்பட்டுவிடும்.

வர்க்கமூலம் இருந்தால் பெருக்குவது 2 ஆல் அல்ல, √2 ஆல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ∫ dx/√(2x² − 6x + 9) இல் மேலும் கீழும் √2 ஆல் பெருக்கி u = 2x − 3 இட்டால் வெளியே (1/√2) நிற்கும்.

“∫ (2x + 7)/√(5 − 4x − x²) dx போன்ற கணக்கில் நான் எப்போதும் தடுமாறுகிறேன். x² இன் முன் மறைக்குறி, மேலே வேறு x. படிப்படியாகக் காட்ட முடியுமா?”

இந்தக் கணக்கில் மூன்று வேலைகள் ஒன்றாக வருகின்றன. அதனால்தான் தடுமாற்றம். நேரம் எடுத்து ஒவ்வொன்றாகச் செய்வோம்.

முதலில் வர்க்கமூலத்தினுள் இருப்பதை மட்டும் தனியே எடுத்து எழுதுங்கள். மறைக்குறியை அடைப்புக்கு வெளியே கொண்டுவந்த பிறகே பூர்த்தியாக்குங்கள்.

5 − 4x − x² = −(x² + 4x − 5) = −[(x + 2)² − 9] = 9 − (x + 2)²

இங்கே வழக்கமாக நேரும் பிழை, 5 − 4 = 1 என்று கழித்து 1 − (x + 2)² என எழுதிவிடுவது. −(x + 2)² ஐ விரித்தால் −4 தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. அதை ஈடுசெய்ய 4 ஐக் கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது. இந்தப் பிழையை உச்சியிலேயே பிடித்துவிடலாம்: x = −2 இல் தொடக்கக் கோவையின் பெறுமானம் 5 + 8 − 4 = 9. ஆகவே வர்க்கத்துக்கு வெளியே நிற்கும் எண் 9 ஆகத்தான் இருக்க வேண்டும். முந்தைய கேள்வியில் உச்சி உதவவில்லை, இங்கே உதவுகிறது. மாறிலியில் விழும் பிழையை உச்சி காட்டும். வர்க்கத்தின் குணகத்தில் விழும் பிழையைக் காட்டாது.

அந்த −1 ஐ வர்க்கமூலத்துக்கு வெளியே கொண்டுவர ஒருபோதும் முயல வேண்டாம். 9 − u² என்ற நிலையில் அது உள்ளேயே இருக்கட்டும். 9 − u² நேராக இருக்க u ஆனது −3 க்கும் 3 க்கும் இடையில் இருக்க வேண்டும். எனவே இத்தொகையீடு −5 < x < 1 என்ற ஆயிடையில் மட்டுமே பொருளுடையது.

அடுத்து, தொகுதி. பல குறிப்புகளில் 2x + 7 ஐ, உள்ளேயுள்ள கோவையின் பெறுதியான −4 − 2x இன் மடங்காகவும் ஒரு மாறிலியாகவும் பிரிக்கச் சொல்லியிருக்கும். அது சரியான வழிதான். ஆனால் வர்க்கத்தை முதலில் பூர்த்தியாக்கிவிட்டால் அந்தப் பிரிப்பு தானாகவே நிகழ்ந்துவிடும். u = x + 2 என்றால் x = u − 2; ஆகவே 2x + 7 = 2u + 3. பிரிப்பதற்கு வேறொன்றும் இல்லை.

∫ (2u + 3)/√(9 − u²) du = ∫ 2u/√(9 − u²) du + 3 ∫ du/√(9 − u²)

முதற்பகுதியில் 9 − u² இன் பெறுதி −2u ஆதலால் அது −2√(9 − u²) ஆகும். இரண்டாம் பகுதி 3 sin⁻¹(u/3). x க்குத் திரும்பினால்:

−2√(5 − 4x − x²) + 3 sin⁻¹((x + 2)/3) + C

கடைசியாக, விடையை ஓர் எண்ணால் சோதிப்போம். x = −2 முதல் x = −1/2 வரை தொகையிடுவதாகக் கொள்வோம். u இன் எல்லைகள் 0 உம் 3/2 உம் ஆகும். u = 3/2 இல் √(9 − 9/4) = 3√3/2, sin⁻¹(1/2) = π/6. u = 0 இல் முதல் உறுப்பு −6, இரண்டாவது பூச்சியம். எனவே பெறுமானம்

6 − 3√3 + π/2, ஏறத்தாழ 2.37.

இது நம்பத்தக்கதா? தொகையிடப்படும் சார்பு x = −2 இல் 3/3 = 1. x = −1/2 இல் 6 ஐ 2.6 ஆல் வகுக்க ஏறத்தாழ 2.31. ஆயிடையின் நீளம் 1.5. இரு முனைகளின் சராசரியால் பெருக்கினால் ஏறத்தாழ 2.48. வளையி இவ்விரு முனைகளை இணைக்கும் நேர்கோட்டுக்குக் கீழே தொங்குவதால் உண்மையான பரப்பு சற்றுக் குறைவாக இருக்க வேண்டும், 2.37 அப்படியே இருக்கிறது. sin⁻¹ உறுப்பின் குறியை மாற்றி எழுதியிருந்தால் மறைப் பெறுமானம் வந்திருக்கும். சார்பு முழுவதும் நேராக இருக்கையில் அது நடக்காது. அரை நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைப் பரீட்சையில் நேரம் இல்லை என்று பலர் விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

“வர்க்கமூலத்தினுள் x² நேர்க்குணகத்துடன் இருந்தால் மடக்கை வருகிறது. ஆனால் என் விடையும் பக்கத்தில் இருப்பவரின் விடையும் ஒத்துப்போவதில்லை. யாருடையது சரி?”

பெரும்பாலும் இரண்டுமே சரியாக இருக்கலாம். ∫ dx/√(x² + 2x + 10) ஐ எடுத்துக்கொள்வோம். x² + 2x + 10 = (x + 1)² + 9; u = x + 1. நேரடியாக வாய்பாட்டைப் பயன்படுத்தியவர் ln(u + √(u² + 9)) + C என்று எழுதுவார். u = 3 tan θ என்று பிரதியிட்டவருக்கு ln((u + √(u² + 9))/3) + C கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ln 3 என்ற மாறிலி மட்டுமே. அது C இனுள் அடங்கிவிடும். −1 முதல் 3 வரை எல்லைகளை இட்டால் இருவருக்கும் ln 9 − ln 3 = ln 3 என்றே வரும்.

இங்கே மட்டுக் குறி தேவையில்லை. √(u² + 9) எப்போதும் |u| ஐவிடப் பெரிதாதலால் கூட்டுத்தொகை எப்போதும் நேரே.

வேறுபாடு மாறிலியாக இல்லாமல் மடங்காக இருந்தால் ஒருவர் பிழை. ∫ dx/√(4x² + 4x + 10) இல் உள்ளே (2x + 1)² + 9 இருக்கிறது. விடை (1/2) ln(2x + 1 + √(4x² + 4x + 10)) + C. அந்த 1/2 ஐ விட்டவரின் விடை இரண்டு மடங்காகிவிடும். எந்த மாறிலியாலும் அதை ஈடுசெய்ய முடியாது.

உண்மையான கவனம் தேவைப்படுவது மிஞ்சும் எண் மறையாக இருக்கும்போது. x² − 2x − 8 = (x − 1)² − 9. இது x > 4 ஆகவோ x < −2 ஆகவோ இருந்தால் மட்டுமே நேர். விடை ln|x − 1 + √(x² − 2x − 8)| + C. இங்கே மட்டுக் குறியை விடவே கூடாது. −5 முதல் −3 வரை தொகையிட்டால், மட்டுக்குள் இருப்பது ஒரு முனையில் −6 + √27, அதாவது ஏறத்தாழ −0.804, மறுமுனையில் −4 + √7, ஏறத்தாழ −1.354. இரண்டுமே மறை. மட்டை எடுத்து வகுத்தால் ln(1.354/0.804), ஏறத்தாழ 0.52. நேரான சார்புக்கு நேரான பரப்பு, சரி. u = 3 sec θ என்று பிரதியிட்டு √(u² − 9) ஐ யோசிக்காமல் 3 tan θ என எழுதியவருக்கு இந்த இடப்பக்க ஆயிடையில் குறி தலைகீழாக வரும்; u < −3 ஆகும்போது θ ஐ இரண்டாம் கால்வட்டத்தில் எடுத்தால் tan θ மறை, ஆகவே வர்க்கமூலம் −3 tan θ ஆகும்.

“வர்க்கமூலம் பகுதியில் இல்லாமல் மேலேயே இருந்தால்?”

பூர்த்தியாக்குவது அதேபோலத்தான். x² இன் குணகம் மறையாக இருக்கும்போது படம் வரைந்தால் பாதி வேலை முடிந்துவிடும். y = √(5 − 4x − x²) என்பது y² + (x + 2)² = 9 என்ற வட்டத்தின் மேற்பாதி; மையம் (−2, 0), ஆரை 3. −5 முதல் 1 வரை தொகையிடக் கேட்டால் அரைவட்டத்தின் பரப்பான 9π/2 ஐ உடனே எழுதிவிடலாம்.

−2 முதல் −1/2 வரை என்றாலும் படமே போதும். மையத்திலிருந்து 30° கோணமுள்ள ஓர் ஆரைச்சிறையும் ஒரு செங்கோண முக்கோணியும் சேர்ந்ததே அந்தப் பரப்பு. ஆரைச்சிறையின் பரப்பு (1/2)(9)(π/6) = 3π/4. முக்கோணியின் பரப்பு (1/2)(3/2)(3√3/2) = 9√3/8. வாய்பாடு (u/2)√(9 − u²) + (9/2) sin⁻¹(u/3) தரும் இரண்டு உறுப்புகளும் இவையே.

குணகம் நேராக இருந்தால் வட்டம் இல்லை, அதிபரவளைவு. அப்போது பகுதிகளாகத் தொகையிடுவதே வழி.

“உயர்தர விடைத்தாளில் இதை எவ்வளவு விரிவாக எழுத வேண்டும்?”

பூர்த்தியாக்கிய வடிவத்தை ஒரு தனி வரியிலும், பிரதியீட்டையும் du ஐயும் அடுத்த வரியிலும், எல்லைகள் இருந்தால் மாற்றிய எல்லைகளை அதற்கடுத்தும் எழுதுங்கள் என்பேன். படித்துப் பார்ப்பவருக்கு உங்கள் வழி தெரிய அவ்வளவு போதும். விரித்துச் சரிபார்ப்பதைத் தாளின் ஓரத்தில் செய்துகொள்ளலாம்.

“கொட்டாஞ்சேனையில் அண்ணா ஒருவரிடம் பழைய கொப்பி வாங்கினேன். அதில் பகுதியில் (x + 1)√(x² + x + 1) என்று ஒரு கணக்கு. அங்கேயும் இந்த முறை செல்லுமா?”

நேரடியாகச் செல்லாது. வர்க்கத்தைப் பூர்த்தியாக்கினால் வர்க்கமூலம் அழகாகும். ஆனால் வெளியே நிற்கும் x + 1 எந்த வாய்பாட்டுக்கும் இடம் கொடுக்காது. முதலில் அதை அகற்ற வேண்டும். x > −1 எனக் கொண்டு t = 1/(x + 1) என்று பிரதியிடுங்கள். அப்போது x = 1/t − 1, dx = −dt/t², மேலும்

x² + x + 1 = 1/t² − 1/t + 1 = (t² − t + 1)/t²

t நேராதலால் வர்க்கமூலம் √(t² − t + 1)/t ஆகும். எல்லாவற்றையும் இட்டால் t கள் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டு, −∫ dt/√(t² − t + 1) மட்டுமே மிஞ்சும். இப்போதுதான் வர்க்கபூர்த்திக்கு வேலை: t² − t + 1 = (t − 1/2)² + 3/4. விடை −ln(t − 1/2 + √(t² − t + 1)) + C. அதில் t க்கு 1/(x + 1) ஐ மீண்டும் இட வேண்டும். x < −1 ஆயின் t மறை; √t² = −t என்பதால் முன்னால் நிற்கும் குறி மாறும்.

“உள்ளே x³ இருந்தால்?”

பொதுவாக இந்த வழி அங்கே நின்றுவிடும். இருபடியில் ஒரே நகர்த்தலால் ஒருபடி உறுப்பு நீங்கி, மிஞ்சுவது வர்க்கமும் மாறிலியும் மட்டுமே. முப்படியில் நகர்த்தல் x² உறுப்பை நீக்கினாலும் x உறுப்பு மிஞ்சிவிடும். √(x³ + 1) பகுதியில் வரும் ∫ dx/√(x³ + 1) போன்றவை நீள்வளையத் தொகையீடுகள் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. இவ்வகைத் தொகையீடுகளை மடக்கை, திரிகோணகணிதச் சார்புகள் முதலிய அடிப்படைச் சார்புகளால் எழுத இயலாது என்பதைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் லியூவில் 1830களில் நிறுவினார். ஆனால் தொகுதியில் உள்ளே இருப்பதன் பெறுதி நின்றால் கதை வேறு: ∫ x²/√(x³ + 1) dx = (2/3)√(x³ + 1) + C, அதற்கு எதையும் பூர்த்தியாக்க வேண்டியதில்லை.